சுடருக்கு மேலே என்ன இருக்கிறது: பூஜை அறைத் தீ எப்படித் தொடங்குகிறது

பூஜை அறையில் விளக்கேற்றுபவர்கள் பெரும்பாலும் விளக்கின் பக்கவாட்டைத்தான் கவனிக்கிறார்கள். திரைச்சீலை எட்ட இருக்கிறதா, எண்ணெய்ப் புட்டி தள்ளி இருக்கிறதா என்று பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. சுடரின் வெப்பமோ பெரும்பங்கு நேராக மேலேதான் போகிறது. சூடான காற்று இலேசானது என்பதால் சுடரின் நுனியிலிருந்து ஒரு மெல்லிய தூண்போல அது எழும்புகிறது. அந்தத் தூண் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுடருக்குப் பக்கத்தில் நாலு விரற்கடை தள்ளிக் கையை வைத்தால் இதமான சூடுதான். அதே நாலு விரற்கடை உயரத்தில் சுடருக்கு நேர் மேலே ஒரு நொடிகூடக் கையை வைக்க முடியாது. பூஜை அறையில் எதை எங்கே வைப்பது, எப்படி உடுத்துவது, எந்த வரிசையில் ஏற்றுவது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பதில் சொல்லிவிடலாம்.

ஒரு சாதாரண மெழுகுவத்திச் சுடர் ஏறக்குறைய 80 வாட் வெப்பம் தருகிறது. பருத்த பஞ்சுத்திரி போட்ட எண்ணெய் விளக்கின் ஒரு முகமும் அதை ஒட்டியதுதான். ஐந்து முகமும் ஏற்றினால் அது 400 வாட் அளவுக்குப் போய்விடும். திறந்த கூடத்தின் நடுவில் நிற்கும் குத்துவிளக்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. காற்றோடு கலந்து கரைந்துவிடும். அதே விளக்கை ஒரு மர அலமாரிக்குள் வைத்தால் அவ்வளவு வெப்பமும் மேல்தட்டில் ஒரே இடத்தைப் போய்த் தாக்குகிறது.

அலமாரிக்குள் வைத்த விளக்கு

இடம் போதாத வீடுகளில் சுவரில் மாட்டிய மர அலமாரியே பூஜை அறை. அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலமாரியின் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 45 செண்டிமீட்டர். உள்ளே 15 செண்டிமீட்டர் உயரமுள்ள காமாட்சி விளக்கு. சுடர் 4 செண்டிமீட்டர். ஆக, சுடரின் நுனிக்கும் மேல்தட்டுக்கும் நடுவே இருப்பது 26 செண்டிமீட்டர்தான். விளக்கைச் சிறு பீடத்தின் மேல் தூக்கி வைத்திருந்தால் அது 20 ஆகிவிடும். மெழுகுவத்தி பற்றி பிரிட்டன் தீயணைப்புத் துறையினர் சொல்லும் விதி, சுடருக்கும் அதன் மேலுள்ள எந்தப் பரப்புக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் வேண்டும் என்பது. பக்கவாட்டில் எரியக்கூடிய பொருள்களிலிருந்து ஓரடி, அதாவது 30 செண்டிமீட்டர், தள்ளி வைக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அறிவுரை. பக்கவாட்டுக்கு ஓரடியும் மேலே மூன்றடிக்கு மேலும் என்ற இந்த வித்தியாசமே வெப்பம் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. நம் அலமாரியில் மேலே கிடைப்பது அந்த ஒரு மீட்டரில் கால் பங்கு.

இதனால் முதல் நாளே தீப்பிடித்துவிடாது. அதுதான் இதில் உள்ள சிக்கல். மரம் பொதுவாக 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் பற்றும். 26 செண்டிமீட்டர் உயரத்தில் ஒற்றைச் சுடரின் காற்று அவ்வளவு சூடாக இருக்காது. ஆனால் காலையும் மாலையுமாக மாதக்கணக்கில் ஒரே இடம் சூடேறும்போது அங்குள்ள ஈரம் போகிறது, ஒட்டுப்பசை இளகுகிறது, மேற்பூச்சு மஞ்சளாகிப் பழுப்பாகிறது, மேலே ஒட்டிய சன்மைக்கா குமிழ் விடுகிறது. நாள்பட்ட சூட்டில் காய்ந்து கருகிய மரம், புது மரத்தை விடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடும். அப்புறம் ஒரு விசேஷ நாள் வருகிறது. வழக்கமான ஒரு திரிக்குப் பதில் இரண்டு திரியைச் சேர்த்து முறுக்கிப் போடுகிறோம், பக்கத்தில் இன்னும் இரண்டு அகல் வைக்கிறோம், படத்துக்குப் புது மாலை சார்த்துகிறோம். சுடர் இரண்டு மடங்கு உயர்கிறது, மாலையின் நுனி கீழே தொங்குகிறது. ‘இத்தனை வருஷமாக இங்கேதானே ஏற்றுகிறோம்’ என்பது இந்த இடத்தில் எந்த உறுதியும் தராத வாதம். அத்தனை வருஷமும் அந்தத் தட்டு தயாராகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. பத்து, பதினைந்து நிமிடம் எரிந்தபின் விளக்கைக் குளிர வையுங்கள். உடனே மேல்தட்டின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தொடுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்த இடம் விளக்குக்கு ஏற்றதல்ல. விளக்கு எரியும்போதே உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டாம், கைச்சட்டை சுடருக்கு நேர் மேலே போய்விடும். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கரி படிந்திருப்பது புகையைத்தான் காட்டும், அதைத் துடைத்துவிடலாம். துடைத்தபிறகும் வட்டமாக ஒரு பழுப்பு நிறம் போகாமல் நின்றால் அது புகை அல்ல, மரமே நிறம் மாறியிருக்கிறது.

சிலர் மேல்தட்டின் அடியில் ஒரு தகரத்தையோ அலுமினியத் தகட்டையோ ஒட்டிவிட்டு அத்துடன் விட்டுவிடுகிறார்கள். மரத்தோடு ஒட்டிய உலோகம் சூட்டை அப்படியே மரத்துக்குக் கடத்திவிடும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே காற்றுப்போகும் இடைவெளி இருந்தால்தான் அது ஓரளவேனும் காக்கும். கண்ணாடிக் கூடு போட்ட விளக்கும் இதைப்போன்றதே. காற்றிலிருந்து சுடரைக் காப்பதில் அது சிறந்தது. ஆனால் மேல்வாய் வழியே வரும் வெப்பத்தை அது குவித்து அனுப்புகிறது. கூடு இருக்கிறதே என்று தட்டுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோவது தவறு.

சரியான தீர்வு எளிமையானது. தெய்வப் படங்கள் அலமாரிக்குள் இருக்கட்டும், விளக்கு வெளியே வரட்டும். அலமாரிக்கு முன்னால், மேலே எதுவும் நீட்டிக்கொண்டிராத இடத்தில், தரையில் அகலமான பித்தளைத் தாம்பாளம் வைத்து அதன் நடுவில் விளக்கை வைத்தால் போதும். தரையில் வைக்க மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு கல் மேடையோ இரும்புக் கால் போட்ட முக்காலியோ வைத்துக்கொள்ளலாம். சமையலறை மூலையில் பூஜை இடம் அமைந்த வீட்டில் மட்டும் தரையை இன்னொரு முறை யோசிக்க வேண்டும். கசியும் சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்து வரும். தரையில் எரியும் அகல்தான் அதை முதலில் சந்திக்கும். அங்கே விளக்கேற்றும் முன் அடுப்பின் குமிழ்களையும் உருளையின் வால்வையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். வாயு நாற்றம் அடித்தால் அன்றைக்கு விளக்கும் இல்லை, மின்சுவிட்சைத் தொடுவதும் இல்லை.

எண்ணெய் பற்றுவதில்லை, திரிதான் பற்றவைக்கிறது

ஒரு கிண்ணம் நல்லெண்ணெயில் எரியும் தீக்குச்சியைப் போட்டால் குச்சி அணைந்துவிடும். நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் 200 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் பற்றக்கூடிய ஆவியைத் தரும். திரி செய்யும் வேலை, எண்ணெயைச் சிறுகச் சிறுக மேலே உறிஞ்சி, நுனியில் சூடேற்றி, ஆவியாக்கி எரிப்பது. இதைப் புரிந்துகொண்டால் விளக்கின் அடியில் என்ன இருக்கக் கூடாது என்பதும் தெளிவாகிவிடும். பளிங்குத் தரையில் சிந்திய எண்ணெய் எளிதில் பற்றாது. அதே எண்ணெய் பட்டுத் துணியிலோ செய்தித்தாளிலோ காய்ந்த பூவிலோ ஊறினால், அந்தத் துணியே ஒரு பெரிய திரி. விளக்குக்கு அடியில் அழகுக்காக விரித்த துணியும், எண்ணெய் கறை படாமலிருக்க வைத்த காகிதமும் நாள்தோறும் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு தணல் துளி விழுந்தால் போதும். மண் அகலில் இது இன்னும் அதிகம். புது அகலின் சுவர் வழியே எண்ணெய் கசிந்து வெளியே வரும். சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து நிழலில் உலர்த்திவிட்டு எண்ணெய் ஊற்றினால் கசிவு குறையும். எப்படியானாலும் அடியில் ஓரம் மடிந்த உலோகத் தட்டு வேண்டும், துணி வேண்டாம்.

விளக்கே மொத்தமாகப் பற்றி எரிவதும் உண்டு. எண்ணெய் குறைந்து அடியில் கொஞ்சம் மட்டும் நிற்கும்போது, உலோகக் கிண்ணம் சூடாகி, மிஞ்சிய எண்ணெயும் பற்றக்கூடிய ஆவியைத் தரும் சூட்டுக்கு ஏறுகிறது. ஒரே கிண்ணத்தில் பல திரிகள் நெருக்கமாக இருந்தால் சுடர்கள் ஒன்று சேர்ந்து இன்னும் வேகமாகச் சூடேற்றும். கரிந்த பழைய திரித் துண்டுகளும் தீக்குச்சித் தலைகளும் எண்ணெயில் மிதந்தால் ஒவ்வொன்றும் தனித் திரியாகும். திரியின் நுனியில் மட்டும் நின்ற சுடர் கிண்ணத்தின் ஓரம்வரை பரவினால், அல்லது சுடர் ஆடாமல் திடீரென உயர்ந்து கரும்புகை விட்டால், எண்ணெய்ப் பரப்பே பற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெயை விடக் கனமானது. அடியில் போய் நொடியில் ஆவியாகி, பழைய அளவைப் போல ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. எரியும் எண்ணெயை நாலு பக்கமும் தூவிவிடுகிறது. விளக்கை முழுவதும் மூடக்கூடிய ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை அதன் மேல் கவிழ்த்துவிட்டால் காற்றில்லாமல் அணைந்துவிடும். உடனே திறந்து பார்க்காமல் நன்றாக ஆறும்வரை விட வேண்டும். அந்தப் பாத்திரம் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில், விளக்கைத் தாண்டிப் போகாமல் எடுக்கக்கூடிய பக்கத்தில் இருக்கட்டும். எரியும் விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது மிக மோசமான முடிவு. கை சுடும், விளக்கு நழுவும், எண்ணெய் உடை மேல் கொட்டும்.

விளக்கை ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்றும் பூனையும் தவிர, நம் வீடுகளில் எலிக்கும் இதில் பங்கு உண்டு. எண்ணெயில் ஊறிய பஞ்சு அதற்கு இரை. எரிகிற திரியையே இழுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்விடும். பக்கத்தில் ஆள் இல்லாத விளக்கு எவ்வளவு பத்திரமான இடத்தில் இருந்தாலும் இந்த ஒன்றைத் தடுக்க முடியாது. வெளியே கிளம்பும் முன்னும் படுக்கப் போகும் முன்னும் விளக்கைக் குளிர வைத்துவிட வேண்டும். ஊதி அணைப்பது கூடாது என்ற பழைய வழக்கம் தீப்பாதுகாப்புக்கும் பொருந்துகிறது. ஊதினால் தணல் பறக்கும், எண்ணெய் தெறிக்கும். திரி தூண்டும் குச்சியால் திரியின் நுனியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவதே சிறந்த வழி. நுனி எண்ணெயில் நனைந்ததும் தணல்கூட மிஞ்சாது, அடுத்த முறை எளிதாகவும் பற்றும். பூவால் அணைப்பவர்கள் ஈரமுள்ள புதுப் பூவையே எடுக்க வேண்டும். இரவு முழுவதும் அணையாமல் எரிய வேண்டும் என்ற வேண்டுதல் இருந்தால், வீட்டில் யாராவது முறைவைத்து விழித்திருக்க வேண்டும். அதற்கு ஆளில்லை என்றால் மின்விளக்கை வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

கற்பூரம் உருகி ஓடும்

கற்பூரத்தின் குணம் எண்ணெய்க்கு நேர் எதிர். அதற்குத் திரி வேண்டியதில்லை. திறந்து வைத்தாலே அறை வெப்பத்தில் ஆவியாகிக் கரைந்துகொண்டிருக்கும். சுமார் 65 டிகிரி சூட்டிலேயே பற்றக்கூடிய அளவு ஆவியைத் தந்துவிடும். கொதிக்கும் தண்ணீரை விடக் குறைவான சூடு அது. இதனால்தான் தீக்குச்சியைக் காட்டியதுமே பற்றுகிறது. எரியும்போது அடியில் உருகித் திரவமாகிறது. ஆரத்தி சுற்றும்போது தட்டு சற்றே சாய்ந்தால் அந்தத் திரவம் எரிந்துகொண்டே ஓரத்துக்கு ஓடி வழியும். புறங்கையிலோ புடவைக் கொசுவத்திலோ சொட்டினால் சொட்டிய இடத்திலும் எரியும். தண்ணீரில் போட்டாலும் மிதந்து எரியும் பொருள் அது.

ஆகவே தட்டையான தட்டில் கற்பூரம் ஏற்றக் கூடாது. குழிவான கிண்ணமும், சூடு ஏறாத நீண்ட மரப்பிடியும் உள்ள கற்பூரக் கரண்டிதான் சரி. ஒரு வில்லை போதும். அணையப் போகிறது என்று எரியும் தட்டில் இன்னொரு வில்லையைக் கையால் போடுவது விரலைச் சுடரின் தூணுக்குள் நீட்டுவதுதான். அணைந்து, தட்டு ஆறியபிறகு புதிதாக வைத்து ஏற்றலாம். காற்றில் திரி பற்றவில்லை என்று திரியின் நுனியில் கற்பூரத் துகளை வைத்து ஏற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் முதல் அரை நிமிடம் சுடர் வழக்கத்தை விட உயரமாக எழும் என்பதை அறிந்து முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சக் கற்பூரத்தை மூடி இறுகிய டப்பாவில், விளக்குக்கு அருகிலில்லாமல், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்தபடி விளக்குக்கு அடியிலேயே போட்டுவைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். இதில் தீயைத் தவிர இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மிட்டாய் போல வெள்ளையாக இருக்கும் கற்பூரம் விஷம். சின்னக் குழந்தை ஒரு கிராம் அளவு விழுங்கினாலே உயிருக்கு ஆபத்தாகலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஊதுவத்திக்கும் சாம்பிராணிக்கும் சுடர் இல்லை என்பதால் அவற்றை யாரும் தீயாகவே எண்ணுவதில்லை. ஆனால் தணல் சுடரை விடப் பொறுமையானது. பஞ்சு மெத்தையிலோ துணிமூட்டையிலோ விழுந்த ஒரு தணல், சுடரே இல்லாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்து, வீடு தூங்கியபிறகு பற்றி எரியும். ஊதுவத்தியைக் கதவிடுக்கிலும் படச்சட்டத்தின் ஓரத்திலும் செருகக் கூடாது. வத்தி முழுவதும் எரிந்து சாய்ந்தாலும் தாங்கும் நீளமுள்ள தட்டுடன் கூடிய தாங்கி, அல்லது மணல் நிரப்பிய கனமான கிண்ணம் வேண்டும். தூபக்காலின் கங்கு மேலே வெளுத்துச் சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அதை அப்படியே குப்பைக்கூடையில் கொட்டாமல், தண்ணீர் ஊற்றிச் ‘சுர்ர்’ சத்தம் நின்றபிறகே கொட்ட வேண்டும். மூடிய அறையில் கங்கு வைத்துவிட்டுத் தூங்குவது வேறு வகையில் கொல்லும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழந்தைக்குத் தலைக்குச் சாம்பிராணி போடும்போதும் சன்னல் திறந்திருக்கட்டும்.

முந்தானையும் கைச்சட்டையும்

மேலே போகும் வெப்பத் தூணைப் பற்றிச் சொன்னதெல்லாம் மிகக் கடுமையாகப் பொருந்துவது உடைக்குத்தான். தொங்கும் துணியின் அடி நுனியில் தீப்பட்டால், சுடர் தன் மேலே உள்ள துணியை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு ஏறுகிறது. அதே துணி தரையில் கிடந்தால் அவ்வளவு வேகம் இல்லை. நின்றுகொண்டிருப்பவரின் முந்தானை நுனியில் பற்றிய தீ மார்பையும் முகத்தையும் எட்ட விநாடிகள் போதும். ஓடினால் காற்று கிடைத்து இன்னும் வேகம் கூடும்.

எந்தத் துணி ஆபத்து என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ‘பருத்தி நல்லது, பாலியஸ்டர் கெட்டது’ என்ற பதிலையே எதிர்பார்க்கிறார்கள். உண்மை அவ்வளவு எளிதல்ல. பருத்தி உருகாது, தோலில் ஒட்டாது, ஆனால் எளிதில் பற்றி வேகமாக எரியும். மெல்லிய வாயில் புடவையும் மல் துணியும் கனத்த கைத்தறியை விட மிக வேகமாக எரியும். பாலியஸ்டர் 250 டிகிரியைத் தாண்டியதும் உருகும். உருகிச் சொட்டுவதால் சில சமயம் சுடரிலிருந்து விலகிவிடும், ஆனால் சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். இரண்டையும் கலந்து நெய்த துணிதான் பலரும் எண்ணிப் பார்க்காத தொல்லை. பருத்தி இழை கருகினாலும் சட்டம்போல நின்று, உருகிய பாலியஸ்டரைக் கீழே சொட்டவிடாமல் பிடித்து வைத்து எரிக்கிறது. பட்டும் கம்பளியும் பற்றத் தயங்கும், பற்றினாலும் மெதுவாக எரியும். பூஜைக்குப் பட்டு உடுத்தும் வழக்கம் இந்த அளவில் நல்லதே. ஆனால் இன்று பட்டு என்று விற்பதெல்லாம் பட்டு அல்ல. உதிர்ந்த ஓர் இழையை அறைக்கு வெளியே, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும். முடி கருகும் நாற்றத்துடன் நொறுங்கும் கரியாக மாறினால் பட்டு. உருகி மணிபோல உருண்டு இறுகினால் செயற்கை இழை.

துணியின் வகையை விட அது எப்படி உடம்பில் இருக்கிறது என்பதே முக்கியம். உடலோடு ஒட்டிய துணிக்கு ஒரு பக்கம்தான் காற்று, தொங்கும் துணிக்கு இரண்டு பக்கமும் காற்று. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடலாம், அல்லது பின்னால் குறுக்காகக் கட்டிவிடலாம். தோளில் தொங்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வது கோயில் மரியாதை மட்டுமில்லை, இங்கேயும் உதவும். அகன்ற கைச்சட்டையை முழங்கைக்கு மேல் மடிக்க வேண்டும், விரித்த கூந்தலை முடிய வேண்டும். சிறுமிகளின் தழையத் தழையக் கட்டிய பாவாடை, தரையில் வரிசையாக வைத்த அகல்களின் உயரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. கார்த்திகை தீபத்தன்று வாசலிலும் படியிலும் விளக்கு வைப்பவர்கள், நடக்கும் வழியில் இரு வரிசைகளுக்கும் நடுவே ஒரு மீட்டராவது விட வேண்டும். பாவாடை விரியும் அகலத்தைப் பார்த்து இன்னும் கூட விட்டாலும் நல்லது. கிருமிநாசினி தடவிய கையோடும் வாசனைத் திரவம் அடித்த உடையோடும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். இரண்டிலும் இருப்பது சாராயம், முழுவதும் உலர வேண்டும்.

பெரும்பாலான உடைத் தீக்கள் விளக்கேற்றும் கையில் தொடங்குவதில்லை. கவனம் வேறெங்கோ இருக்கும் நேரத்தில், உடம்பின் வேறொரு பகுதியில் தொடங்குகின்றன. முன்வரிசை அகல்களை ஏற்றிவிட்டு, அவற்றின் மேலாகக் குனிந்து பின்வரிசையை ஏற்றும்போது முந்தானை முன்வரிசையின் மேல் இறங்குகிறது. ஆகவே எப்போதும் தொலைவில் உள்ளதை முதலில் ஏற்றி, நம்மை நோக்கி வர வேண்டும். அணைப்பது அதன் நேர் எதிர் வரிசையில், நமக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து முகக் குத்துவிளக்கில் ஒரே இடத்தில் நின்று கையை நீட்டாமல் சுற்றி வந்து ஏற்ற வேண்டும். அடுத்த தருணம் ஆத்ம பிரதட்சிணம். விளக்குக்கு முன்னால் நின்ற இடத்திலேயே சுற்றும்போது கட்டாத முந்தானை விசிறிபோல வெளியே விரிகிறது. நாம் அதைப் பார்ப்பதில்லை, அது முதுகுப் பக்கம் இருக்கிறது. விழுந்து வணங்கும்போது தலையும் பூவும், கற்பூரச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும்போது கைச்சட்டையும் அப்படித்தான். விளக்கிலிருந்து இரண்டு அடி பின்னால் வந்து சுற்றுவது, வணங்குவது என்று வைத்துக்கொண்டால் இவை எல்லாமே விலகிவிடும்.

பற்றிவிட்டால் என்ன செய்வது? முந்தானை நுனி மட்டும் எரிகிறது என்றால் அதை உடனே உடம்பிலிருந்து தள்ளி உதறிவிட முடியும், தோளில் ஊசி குத்தாமல் இருந்தால். அதனால் விளக்கேற்றும் நேரத்தில் முந்தானையை ஊசியால் இறுகக் குத்தாமல் இடுப்பில் செருகுவதையே நான் சொல்வேன். தீ உடம்புப் பக்கம் வந்துவிட்டால் நின்ற இடத்திலேயே தரையில் படுத்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உருள வேண்டும். படுத்தால் தீ முகத்தை நோக்கி ஏறும் வழி அடைபடுகிறது, உருண்டால் காற்று அடைபடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் கனத்த பருத்திப் போர்வையையோ கம்பளியையோ கழுத்திலிருந்து கால் நோக்கி மூட வேண்டும். நைலான் போர்வை கூடாது. எண்ணெயில் பற்றிய தீக்குத்தான் தண்ணீர் ஆகாது, உடையில் பற்றிய தீக்குத் தண்ணீர் நல்லது. பக்கத்தில் குடம் இருந்தால் தயங்காமல் ஊற்றலாம்.

தீ அணைந்தபிறகும் தோலுக்குள் சூடு இருக்கும். சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஓடவிட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, நெய், மாவு, பேனா மை எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்ற வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காமல் அதைச் சுற்றி வெட்டிவிட வேண்டும். பிறகு சுத்தமான துணியை இறுக்காமல் போர்த்தலாம். முகம், கழுத்து, கை, மூட்டு ஆகிய இடங்களில் சுட்டிருந்தாலும், கொப்புளம் சூடுபட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலும், குழந்தை அல்லது முதியவர் என்றால் அளவு எதுவாக இருந்தாலும், வீட்டு மருந்தோடு நிறுத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய இடம் சுட்டிருந்தால் தண்ணீர் ஊற்றும்போதே உடம்பின் மற்றப் பகுதியைப் போர்வையால் மூடிக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். நடுக்கம் வந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.